எல்லாம் ரெட்மிதான், அண்ணாச்சி

ஒரு காலத்தில் செல்போன்கள் ஒன்றுக்கொன்று ஜாடையே இல்லாமல் இருந்தன. பவுச் மட்டும் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். இன்று எல்லாப் போனும் ஒரே ஜாடை. பவுச் மட்டும் ஒன்றுக்கு ஆவது இன்னொன்றுக்கு ஆகாது. கோவில்பட்டியில் செல்போன் சாமான் கடை வைத்திருக்கும் எனக்கு விஞ்ஞான வளர்ச்சியால் கிடைத்த ஞானம் இவ்வளவுதான்.

2000இல் வந்த நோக்கியா 3310 குண்டாக, தோள் அகன்று இருக்கும். 2003இல் வந்த 1100 ஒல்லி. தலையில் டார்ச், விசைகளுக்கு மேல் தூசி புகாத ரப்பர் விரிப்பு. அதே வருடம் வந்த 6600க்கு வயிறு புடைத்திருக்கும். கரண்ட் போன நேரத்தில் தடவிப் பார்த்தே இன்ன போன் என்று சொல்லிவிடலாம். அவ்வளவு வித்தியாசம் இருந்தும் என் கடையில் தொங்கிய ரெக்சின் பவுச் மூன்றே அளவு: சின்னது, நடுத்தரம், பெரியது. பின்னால் பெல்ட்டில் மாட்டக் கிளிப், மேலே ‘டப்’ என்று ஒட்டிக்கொள்ளும் காந்தப் பொத்தான். போனை உள்ளே விடு, போனால் சரி. மாடல் பொருத்தம் பார்ப்பது என்றால் அன்றைக்கு அதுதான் முறை. சார்ஜர் கேட்டு வந்தவரிடமும் “பெரிய பின்னா, சின்ன பின்னா?” என்ற ஒரு கேள்வியோடு வேலை முடிந்தது.

ஸ்கிரீனுக்கு ஒட்டும் ஸ்கிராட்ச் கார்டும் அப்படித்தான். கட்டம் கட்டமாகக் கோடு போட்ட பிளாஸ்டிக் தாள் வரும். போனின் கண்ணாடியை ஸ்கேலால் அளந்து, கோட்டை எண்ணிக் கத்தரிக்கோலால் வெட்டி, ஏதாவது பழைய பிளாஸ்டிக் அட்டையால் காற்றுக் குமிழைத் தள்ளிவிட வேண்டும். ஒரே தாளில் மூன்று போனுக்கு வெட்டுவேன். மிச்சத்தை யாராவது கைக்கடிகாரத்துக்குக் கேட்டு வாங்கிப் போவார்கள்.

பாடி மாற்ற வந்தால்தான் மாடல் துல்லியமாகத் தேவைப்படும். அதற்கும் பெரிய பாடு கிடையாது. பின்மூடியைத் தள்ளி, பேட்டரியை நகத்தால் நெம்பி எடுத்தால், அடியில் வெள்ளை ஸ்டிக்கரில் போன் தன் ஜாதகத்தை எழுதி வைத்திருக்கும். 1100 என்றால் Type: RH-18. 3310 என்றால் NHM-5. பேட்டரியைக் கழற்ற மனமில்லாதவர் *#0000# என்று அடித்தால் மென்பொருள் பதிப்போடு அந்த RH-18ஐயும் திரையே காட்டிவிடும். விற்பனைப் பெயர் எப்படி இருந்தாலும் இந்தக் குறி பொய் சொல்லாது.

இப்போது பேட்டரி பசை போட்டு ஒட்டி வருகிறது. ஆளும் கடைக்கு வருவதில்லை. அவர் போட்டோதான் வருகிறது.

“அண்ணாச்சி, இதுக்கு பேக் கவர் இருக்கா?” என்று வாட்ஸாப்பில் ஒரு செய்தி, கீழே ஒரு படம். படத்தில் போன் இருக்காது, பழைய கவர்தான் இருக்கும். மஞ்சள் பூத்து, ஓரம் கிழிந்து, முதுகில் ஐந்நூறு ரூபாய் நோட்டு ஒன்றைச் செருகி வைத்த ட்ரான்ஸ்பரன்ட் கவர். போன் பெயர் என்ன என்று கேட்டால் “ரெட்மி” என்று பதில் வரும். ரெட்மியில் எது என்றால் “புதுசு” என்பார்கள். இன்னும் கொஞ்சம் நெருக்கினால், “எல்லாம் ரெட்மிதான், அண்ணாச்சி. இருக்கா இல்லையா?”

கவரைக் கழற்றிப் படம் எடுக்கச் சொன்னால் அடுத்த சிக்கல். வீட்டில் இருப்பது ஒரு போன். அது ஊரையெல்லாம் படம் எடுக்கும், தன் முதுகை எடுக்க முடியாது. பக்கத்து வீட்டில் போன் கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் நேரே பீரோக் கண்ணாடிக்கு முன்னால் போய் நிற்பார்கள். கண்ணாடியில் இடம் வலமாகிவிடும். முதுகைப் பார்த்தால் இடது மூலையில் இருக்கவேண்டிய கேமரா வலது மூலையில் தெரியும். கம்பெனிப் பெயர் படத்தில் விழுந்திருந்தால் எழுத்து திரும்பியிருப்பதை வைத்துக் கண்ணாடிப் படம் என்று தெரிந்துகொள்ளலாம். பெயரை விரல் மறைத்திருந்தால், படம் எடுத்தவரின் பனியனும் பின்னால் மாட்டியிருக்கும் காலண்டரும்தான் சாட்சி. காலண்டரில் எண்கள் திரும்பியிருந்தால் கேமராவையும் திருப்பிப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான். காலியான கவரை உட்பக்கமாகப் படம் எடுத்தாலும் இதே கதை. உள்ளேயிருந்து பார்க்கும்போது ஓட்டை மறுபக்க மூலைக்குப் போய்விடும்.

எங்கள் தெரு மதினிக்கு ஷார்ஜாவில் இருக்கும் தம்பி ஒரு போன் கொடுத்தனுப்பினான். பெட்டியோடு வந்த கவர் கிழிந்துவிட்டது. மதினி விவரமானவர்; போனைப் படம் எடுத்து நேரத்தை வீணாக்காமல், நேரே பெட்டியைப் படம் எடுத்து அனுப்பினார். Redmi 9 என்று தெளிவாக இருந்தது. இதைவிட நல்ல சாட்சி யாருக்கு வேண்டும் என்று எவரும் நினைப்பார்கள். பெட்டி உண்மையைத்தான் சொன்னது. ஷார்ஜாவின் உண்மையைச் சொன்னது.

2020இல் உலகச் சந்தைக்கு ரெட்மி 9 என்ற பெயரில் ஒரு போன் வந்தது. அதே போன் அந்த ஆகஸ்டில் இந்தியாவுக்கு வந்தபோது அதன் பெயர் ரெட்மி 9 ப்ரைம். அதே மாதக் கடைசியில் இந்தியாவில் ரெட்மி 9 என்ற பெயரில் இன்னொரு போன் வந்தது. இதன் உடம்பு, வெளிநாட்டில் ரெட்மி 9சி என்று விற்ற போனின் உடம்பு. ஆக, ஷார்ஜா ரெட்மி 9 வேறு, கோவில்பட்டி ரெட்மி 9 வேறு. என் கடையில் ‘ரெட்மி 9’ என்று எழுதித் தொங்கும் கவர் எல்லாம் இரண்டாவது ஆளுக்கு. வெளிநாட்டிலிருந்து வந்த போன் என்று தெரிந்தவுடனே பெட்டியின் பெயரை ஓரமாக வைத்துவிட்டு உடம்பைப் பார்க்க ஆரம்பிக்க வேண்டும்.

உடம்பில் முதலில் பார்ப்பது கேமரா இருக்கும் இடம். மதினியின் மகன் தன் நண்பன் போனில் முதுகைப் படம் எடுத்து அனுப்பினான். கேமராக்கள் முதுகின் நடுக்கோட்டில், நெடுக்காக, அடியில் வட்டமாக விரல்ரேகை சென்சார். இந்திய ரெட்மி 9 இப்படி இருக்காது. அதில் கேமராக்கள் இடது மேல் மூலையில் ஒரு சதுரத்துக்குள் இருக்கும். விரல்ரேகை வட்டம் அதிலிருந்து பிரிந்து நடு முதுகில் தனியாக இருக்கும். இந்த ஒரு படத்திலேயே முக்கால் வழக்கு முடிந்துவிட்டது. நடுக்கோட்டுக் கேமராவுக்குக் கண்ணாடிப் படமும் தொந்தரவு செய்யாது. இடம் வலம் மாறினாலும் நடு நடுதான்.

மீதிக் கால் வழக்குக்குப் போனின் அடிப்பக்கத்தைப் படம் எடுக்கச் சொன்னேன். இது பலருக்குத் தோன்றாது. முதுகை நாலு கோணத்தில் அனுப்புவார்கள், சார்ஜர் சொருகும் ஓட்டையை அனுப்ப மாட்டார்கள். அந்த ஓட்டையின் வடிவம் பெரிய சாட்சி. இரண்டு முனையும் வட்டமாக, மேலும் கீழும் ஒன்றுபோல் இருந்தால் டைப்-சி. ஒரு பக்கம் அகன்று மறுபக்கம் குறுகியிருந்தால் பழைய மைக்ரோ யுஎஸ்பி. ரெட்மி 9 ப்ரைமுக்கு டைப்-சி. இந்திய ரெட்மி 9க்கு மைக்ரோ. மதினியின் போனில் இருந்தது டைப்-சி. பெட்டியில் என்ன பெயர் இருந்தாலும் இங்கே இதற்குக் கவர் ‘ரெட்மி 9 ப்ரைம்’ என்று எழுதியதுதான். அந்த அட்டையிலேயே ‘போக்கோ எம்2’ என்றும் எழுதியிருக்கும், ஏனென்றால் அதுவும் இதே உடம்பு.

கண்டுபிடித்தது சுலபம். மதினியை நம்ப வைத்ததுதான் கஷ்டம்.

“என் போன் ரெட்மி 9. நீங்க ப்ரைம் கவர் குடுக்கீங்க. ப்ரைம்னா கூடக் காசா?”

“ரெண்டும் ஒரே விலை மதினி. போட்டுப் பாருங்க.”

“போட்டா சேரும். எல்லாக் கவரும் அமுக்கினா சேரும். பேரு வேற இருக்கே!”

கடைசியில் மகன் செட்டிங்ஸில் போய் மாடல் எண்ணை எடுத்துக் காட்டினான்: M2004J19G. இந்திய ரெட்மி 9க்கு M2006C3 என்று தொடங்கும். பழைய நோக்கியா பேட்டரிக்கு அடியில் இருந்த அதே ஜாதகம்தான், இப்போது செட்டிங்ஸுக்குள் குடிபோயிருக்கிறது. மதினி எண்ணைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கவரை வாங்கிக்கொண்டார். பெயர் எழுதிய அட்டையை மட்டும் கிழித்துக் கடையிலேயே போட்டுவிட்டுப் போனார்.

ஒரே பெயரில் இரண்டு உடம்பு இருப்பது ஒரு பக்கம் என்றால், ஒரே உடம்பில் மூன்று பெயர் இருப்பது இன்னொரு பக்கம். ரெட்மி நோட் 9 ப்ரோ, நோட் 9 ப்ரோ மேக்ஸ், போக்கோ எம்2 ப்ரோ என்று இந்தியாவில் விற்ற மூன்றுக்கும் ஒரே கவர். ஸ்டாக் வாங்கும்போது இது எங்களுக்குச் சர்க்கரைப் பொங்கல், ஒரு அச்சில் மூன்று வாடிக்கையாளர். சாம்சங்கில் ஏ50, ஏ50எஸ், ஏ30எஸ் மூன்றும் இதேபோல் ஒரே அட்டையில் வரும். அதே ஞாபகத்தில் ஏ30க்கும் இதையே எடுத்துக் கொடுத்தால் மாட்டிக்கொள்வோம். ஏ30எஸ்ஸில் விரல்ரேகை சென்சார் திரைக்குள் இருக்கிறது, ஏ30இல் முதுகில் இருக்கிறது. முதுகு மூடிய கவரைப் போட்டால் விரல் வைக்க இடம் இருக்காது. ஒரே ஒரு ‘எஸ்’தான், வாடிக்கையாளர் அதை உச்சரிப்பதும் இல்லை, படத்தில் தெரிவதும் இல்லை.

ரெட்மி நோட் 9, நோட் 9 ப்ரோ இரண்டையும் படத்தில் பிரிக்கவும் இந்த விரல்ரேகைதான் கைகொடுக்கும். இரண்டிலும் முதுகில் சதுரக் கேமராதான், தூரத்துப் படத்தில் அண்ணன் தம்பி. நோட் 9இல் சதுரத்துக்கு அடியில் ரேகை வட்டம் இருக்கும். ப்ரோவில் அந்த இடத்தில் ஃபிளாஷ்தான். ரேகை வைப்பது பக்கவாட்டில், பவர் பட்டனில். அதனால் ப்ரோ கவரில் பவர் பட்டன் இருக்குமிடம் மூடாமல் திறந்திருக்கும். கிழிந்த காலிக் கவரைப் படம் எடுத்து அனுப்பினாலும், பக்கவாட்டில் இந்தத் திறப்பு இருக்கிறதா, அல்லது பட்டனுக்கு மேல் ரப்பர் புடைப்பு இருக்கிறதா என்று பார்த்தே சொல்லிவிடலாம்.

காலிக் கவரில் இன்னொரு விசேஷமும் உண்டு. விலை குறைந்த ரப்பர் கவர்கள் பலவற்றில் உட்பக்கம், பெரும்பாலும் அடிப்பாகத்தில், அச்சிலேயே மாடல் பெயர் புடைப்பெழுத்தாக இருக்கும். நேராகப் படம் எடுத்தால் தெரியாது. டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் எழுத்தின் நிழல் விழும், அப்போது படிக்கலாம். ஆனால் அச்சில் இருப்பது உடன்பிறப்புகளில் ஒருவர் பெயராக இருக்கும், உங்கள் போனின் பெயராக இருக்கவேண்டும் என்று கட்டாயம் இல்லை. போக்கோக்காரர் தன் கவருக்குள் ரெட்மி பெயரைப் பார்த்து, இத்தனை நாள் ஏமாற்றப்பட்டதாகச் சண்டைக்கு வந்ததும் உண்டு.

படித்த வாடிக்கையாளர்கள் அளவு எடுத்து அனுப்புவார்கள். போனுக்குப் பக்கத்தில் மேசைமேல் ஏடிஎம் கார்டை வைத்து ஒரு படம். யோசனை நல்ல யோசனைதான். ஏடிஎம் கார்டு எந்த வங்கியுடையதாக இருந்தாலும் 85.6 மி.மீ. நீளம், ஏறக்குறைய 54 மி.மீ. அகலம், உலகம் முழுக்க ஒரே அளவு. படத்தில் கார்டு எவ்வளவு, போன் எவ்வளவு என்று பார்த்து வகுத்தால் போனின் நீளம் வந்துவிடும். ஒரு ஆசிரியர் கார்டின் பதினாறு எண்ணும் பளிச்சென்று தெரியும்படி எனக்கு அனுப்பினார். கவர் விற்கும் கடைக்காரனை ஊரில் எவ்வளவு நம்புகிறார்கள் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. எண்ணுக்கு மேல் ஒரு தாளை வைத்துவிட்டு எடுங்கள் சார் என்று சொல்லி, படத்தையும் அழித்தேன்.

ஆனால் இந்தக் கணக்கு எதுவரை செல்லும் என்றும் தெரிந்திருக்க வேண்டும். போன் ஏறக்குறைய 9 மி.மீ. தடிமன். அதன் முதுகு, மேசையில் கிடக்கும் கார்டைவிட அந்த 9 மி.மீ. அளவுக்குக் கேமராவுக்குக் கிட்டத்தில் இருக்கிறது. கேமராவை 30 செ.மீ. உயரத்தில் பிடித்தால் இதனாலேயே போன் 3 சதவீதம் பெரிதாகத் தெரியும். 16 செ.மீ. நீளப் போனில் அது 5 மி.மீ. ரெட்மி 9 ப்ரைமின் நீளம் 163.3 மி.மீ., இந்திய ரெட்மி 9இன் நீளம் 164.9, வித்தியாசமே 1.6 மி.மீ.தான். கார்டைப் போனின் முதுகுமேலேயே வைத்து, தூரமாக நின்று, ஜூம் செய்து, நேர் மேலிருந்து எடுத்தால் பிழை குறையும். அப்போதும் 1.6 மி.மீ.யைப் பிரித்துச் சொல்லும் அளவுக்குக் குறையாது. சின்னப் போனா பெரிய போனா என்று சொல்ல இந்த அளவு போதும். அண்ணனா தம்பியா என்று சொல்ல ஓட்டைகளைத்தான் எண்ண வேண்டும்.

இதெல்லாம் கவருக்கு. டெம்பர் கிளாஸ் தனி வழக்கு. கவருக்கு முதுகும் பட்டனும் முக்கியம், டெம்பருக்கு முகம் மட்டும். அதனால் கவருக்குப் பொருந்தாத இரண்டு போன்கள் டெம்பருக்குப் பொருந்தும். ஐபோன் 13க்கும் 13 ப்ரோவுக்கும் நீளம், அகலம், தடிமன் மூன்றும் ஒன்றுதான், திரையும் ஒரே அளவு. ஒரே டெம்பர் இரண்டுக்கும் ஒட்டும். ப்ரோவின் கேமரா மேடு பெரியது. 13க்கான கவரை ப்ரோவுக்கு மாட்டினால் கேமரா ஓட்டைக்குள் அடங்காமல் கவர் தூக்கிக்கொண்டு நிற்கும். ஐபோன் 12க்கும் 12 ப்ரோவுக்கும் அந்தத் தகராறு இல்லை, கவரும் ஒன்றுதான். வரிசையாக ஒரு விதி வைத்துக்கொள்ளலாம் என்று பார்த்தால் அடுத்த வருடமே அதை உடைத்துவிடுகிறார்கள்.

டெம்பருக்குப் படம் அனுப்புகிறவர்கள் செய்வது ஒன்றுண்டு. திரையில் கறுப்புப் பின்னணியில் முருகன் வேலோடு நிற்பார். கும்பிட நல்ல படம். ஆனால் கறுப்புத் திரையில் ஓரம் எது, சட்டம் எது என்றே தெரியாது. முன்கேமரா நடுவில் துளியாக இறங்கியிருக்கிறதா, திரைக்குள் வட்ட ஓட்டையாக இருக்கிறதா, அந்த ஓட்டை நடுவிலா இடது மூலையிலா என்பதெல்லாம் முருகனுக்குப் பின்னால் மறைந்துவிடும். திரையில் வெள்ளையாக ஏதாவது ஒன்றைத் திறந்து வைத்து எடுத்தால் எல்லாம் தெரியும். நான் சொன்ன நோட் 9இல் ஓட்டை இடது மூலையில், திரை 6.53 அங்குலம், ப்ரோவில் ஓட்டை நடுவில், 6.67 அங்குலம். முகத்தை வெள்ளையில் பார்த்தால் முதுகைப் பார்க்காமலே சொல்லிவிடலாம்.

உடைந்த டெம்பரை உரித்துப் படம் எடுத்து அனுப்பினால், ஓரத்தில் கறுப்புக் கரை போட்ட வகையாக இருந்தால் கேமராவுக்கு விட்ட இடம் தெரியும், தேடலாம். கரையே இல்லாத வெறும் கண்ணாடியாக இருந்தால் அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. நூறு போனுக்கு ஒட்டும். டெம்பர் பெட்டியில் இருக்கும் எழுத்தும் உதவாது. அன்றைக்கு ஒரு தாளை வெட்டி ஒட்டிவிட்டுச் சும்மா இருந்தோம். இன்றைக்கு 5டி, 9டி, 11டி, 100டி என்று பரிமாணம் ஏறிக்கொண்டே போகிறது. அந்த எண்ணுக்கும் போன் மாடலுக்கும் சம்பந்தமில்லை, எந்த அளவுக்கும் சம்பந்தமில்லை. 9எச் என்பது பென்சிலால் கீறிப் பார்க்கும் கடினத்தன்மைச் சோதனையின் குறி. அதிலும் மணலைத் தடுப்பேன் என்ற உத்தரவாதம் இல்லை. சட்டைப் பையில் சில்லறையோடு கிடந்தால் தாங்கும், ஆற்று மணலோடு கிடந்தால் கீறல் விழும்.

சரியான மாடல் டெம்பரே ஓரத்தில் தூக்கிக்கொண்டு காற்று வாங்குவதும் உண்டு. பெரும்பாலும் குற்றவாளி கவர்தான். ஓரம்வரை வரும் முழு டெம்பர் ஒட்டியிருக்கும்போது இறுக்கமான கவரை மாட்டினால், கவரின் உதடு கண்ணாடியை நெம்பிவிடும். கவரைக் கழற்றி வைத்துப் பார்க்க வேண்டும். தூக்கல் நின்றுவிட்டால் மாடல் தப்பில்லை, ஜோடிதான் தப்பு. அப்போது ஓரம் கொஞ்சம் குறைத்து வெட்டிய டெம்பர் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். கவரைக் கழற்றியும் ஒரு பக்கம் மட்டும் ஒட்டாமல் நின்றால், அல்லது கறுப்புக் கரை திரையின் எழுத்தைக் கடித்தால், மாடலே தப்பு.

எப்படிப் பார்த்தாலும் பழைய நாளில் போனின் பெயரைத் தெரிந்துகொள்ள அணைத்து, பேட்டரியைக் கழற்றி, மறுபடி போட்டு, தேதி நேரம் திருத்தி, இவ்வளவும் செய்தோம். இன்று போன் தன் எண்ணைத் திரையிலேயே காட்டத் தயாராக இருக்கிறது, யாரும் கேட்பதில்லை. பீரோக் கண்ணாடியைக் கேட்கிறார்கள்.

ஆகவே கவர் கேட்டு எழுதும் அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். போன் தன் முதுகைப் படம் எடுக்காது, தன் திரையைப் படம் எடுக்கும். செட்டிங்ஸில் About phone திறந்து, மாடல் எண் தெரியும்படி ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்புங்கள். சாம்சங் என்றால் SM என்று தொடங்கும். SM-A505F ஏ50, SM-A307FN ஏ30எஸ், அந்தப் பொல்லாத ‘எஸ்’ சண்டை அங்கேயே தீர்ந்துவிடும். ஐபோன் என்றால் General, அதற்குள் About, அங்கே Model Number என்ற வரியை ஒரு தட்டுத் தட்டினால் A என்று தொடங்கும் எண்ணாக மாறும். இங்கே விற்ற ஐபோன் 13க்கு A2633. அதே படத்தில் IMEI, சீரியல் நம்பர் இருந்தால் வெட்டிவிட்டு அனுப்புங்கள், எனக்கு அது வேண்டாம். போனே உயிரில்லாமல் கிடந்தால் மட்டும் முதுகையும் அடிப்பக்கத்தையும், கவரைக் கழற்றி, பக்கத்து வீட்டுப் போனில் எடுத்து அனுப்புங்கள்.

கவர் சேராவிட்டால் அட்டை கிழியாமல் கொண்டு வந்தால் மாற்றித் தருவேன். ஒட்டிய டெம்பரைத் திருப்பி எடுப்பதில்லை.